விலைத்தாளைப் போட்டோ பிடித்து ஷீட் ஆக்குவது: ஒரு மளிகைக் கடையின் 46 வரிகள்

கோத்தகிரியில் அத்தையின் மளிகைக் கடைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு வருகிறது. மொத்த வியாபாரி பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூட்டைகளோடு அச்சடித்த விலைத்தாள் ஒன்றையும் வண்டியில் கொடுத்து விடுவார். ஒரே பக்கம், 46 பொருள், நான்கு பத்தி: பொருளின் பெயர், மூட்டை எத்தனை கிலோ, மூட்டை விலை, கிலோ விலை. இதை போனில் போட்டோ எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, வண்டி வாடகையும் லாபமும் சேர்த்து கடை விலை போடுவது என் வேலை.

முதல் முறை செய்தபோது வற்றல் மிளகாய் மூட்டை 4,750 என்று தாளில் இருந்ததை போன் 4150 என்று படித்திருந்தது. அச்சில் 7-இன் மேல்கோடு மங்கலாக இருந்ததுதான் காரணம். 25 கிலோ மூட்டை, கிலோ 190 அடக்கம். ஷீட் 166 என்று எடுத்துக்கொண்டு, எல்லாம் சேர்த்து 182 ரூபாய்க்கு விற்கச் சொன்னது. நான்கு நாள் அப்படியே விற்றோம், கிலோவுக்கு எட்டு ரூபாய் கையிலிருந்து போனது, வண்டி வாடகையையும் சேர்த்தால் பத்தை நெருங்கும். அதனால் இந்தக் கட்டுரையில் போட்டோவை எழுத்தாக்கும் பகுதி கொஞ்சம்தான். அந்த எழுத்து சரியா என்று கண்டுபிடிக்கும் பகுதிதான் அதிகம். தேவையானவை ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், கூகுள் லென்ஸ், கூகுள் ஷீட்ஸ். கணினி இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் முடியும்.

போட்டோ

மழைக்காலத்தில் இங்கே எந்தத் தாளும் தட்டையாக இருக்காது, ஓரமெல்லாம் ஈரத்தில் சுருண்டு கொள்ளும். சுருண்ட தாளில் வரிகள் வளையும், வளைந்த வரியை லென்ஸ் பாதியில் மேல் வரியோடு சேர்த்துப் படித்துவிடும். மேசையில் விரித்து நான்கு மூலையிலும் எடைக்கல் வையுங்கள். கண்ணாடி வைத்து அழுத்த வேண்டாம், அதில் ஜன்னல் பளபளக்கும். வெளிச்சத்துக்கு ஜன்னலோரம் போதும். மூடுபனி நாள் இதற்கு நல்ல நாள், வெயில் இல்லாமல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், கை நிழல் தெரியாது. கடைக்குள் தலைக்கு மேல் எரியும் பல்புக்குக் கீழே எடுத்தால் உங்கள் தலையின் நிழலே தாளின் நடுவில் விழும்.

குளிரிலிருந்து அடுப்படிப் பக்கம் வந்தால் போன் கேமராவின் கண்ணாடியில் ஆவி படியும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி வரும். துணியால் ஒருமுறை துடையுங்கள். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள், சாய்க்கக் கூடாது. தாள் படம் முழுவதையும் நிறைக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கேமராவில் ஏ4 தாள் இப்படி நிறைந்தால் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 புள்ளி கிடைக்கும். எழுத்தைப் படிக்க 300 இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. எடுத்த பிறகு படத்தை விரலால் பெரிதாக்கி 3-ம் 8-ம் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள், உங்கள் கண்ணுக்கே குழப்பமாக இருந்தால் போனுக்கும் குழப்பம்தான்.

வேறு யாராவது எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் சாதாரணப் போட்டோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் நன்றாகச் சுருங்கி வரும், புள்ளிகளும் கமாக்களும் முதலில் காணாமல் போகும். இன்னொன்று, சில வியாபாரிகள் பிடிஎஃப் அனுப்புவார்கள். அதிலிருந்து நேராகக் காப்பி எடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதைப் போட்டோவாகவே நடத்துங்கள்.

கேமராவை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, இதைத் தவற விடாதீர்கள். தாளில் எங்கெல்லாம் விலை இல்லாமல் சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் பேனாவால் தெளிவாக 0 எழுதுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

பத்தி பத்தியாக எடுப்பது

முழுத் தாளையும் லென்ஸிடம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காப்பி செய்தால், அது சில இடத்தில் குறுக்கே படிக்கும், சில இடத்தில் நெடுக்கே படிக்கும். கோடு போட்ட கட்டங்கள் அதற்குப் பெரிதாகப் பொருட்டில்லை. எக்செல் செயலியில் படத்திலிருந்து அட்டவணை எடுக்கும் வசதி இருக்கிறது, எண்கள் மட்டும் உள்ள தாளுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் நம் தாளில் பெயர்கள் தமிழில் இருப்பதால் அங்கே சிதறிவிடும்.

எனக்கு ஒத்துவந்த வழி இது. எடுத்த ஒரே போட்டோவை கேலரியில் முதலில் நேராக்கி, அப்புறம் நான்கு முறை வெட்டி நான்கு படமாகச் சேமித்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி மட்டும். பத்தியின் தலைப்பையும் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது இடது பக்கம் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், ஒட்டி வெட்டினால் 1,450-இன் முதல் எண் போய் 450 ஆகிவிடும். ஒவ்வொரு படத்தையும் லென்ஸில் திறந்து, எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யுங்கள்.

இப்போது கூகுள் ஷீட்ஸில் புது ஷீட் ஒன்று. கீழே உள்ள தாவலுக்கு `படி` என்று பெயர் வையுங்கள், போன் படித்தது படித்தபடியே இதில் இருக்கும், வரி இடம் மாறியிருந்தால் மட்டும் சரிசெய்வோம், படித்த எண்களைத் திருத்தப் போவதில்லை. ஒட்டும் முன் A முதல் D வரை நான்கு பத்தியையும் தேர்ந்தெடுத்து `Format > Number > Plain text` கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஷீட் தானாகவே அர்த்தம் கற்பிக்கும். அரை கிலோ பாக்கெட்டுக்கு 1/2 என்று இருந்தால் அதைத் தேதி ஆக்கிவிடும். தாளில் வரிக்கான எச்எஸ்என் எண் இருந்தால் தேயிலையின் 0902 முன்னால் உள்ள பூஜ்யத்தை இழந்து 902 ஆகும்.

முதல் வரியில் தலைப்புகளை நீங்களே அடியுங்கள். A2 செல்லை ஒரே ஒரு முறை தொட்டு, பெயர்ப் பத்தியை ஒட்டுங்கள். இரண்டு முறை தட்டி செல்லுக்குள் போய் ஒட்டினால் 46 பெயரும் ஒரே செல்லில் குவிந்துவிடும். அப்படி ஆனால் அழித்துவிட்டு மறுபடி ஒட்டினால் போதும். B2, C2, D2-விலும் இப்படியே.

முதலில் எண்ணிப் பாருங்கள்

விலை சரியா என்று பார்க்கும் முன் ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வரி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரமாக F1 செல்லில் இதை அடித்து, வலது பக்கம் I1 வரை இழுங்கள்:

```
=COUNTA(A2:A)
```

நான்கு செல்லிலும் 46 வர வேண்டும். எனக்கு முதல் முறை வந்தது 47, 46, 44, 44.

47 வந்ததற்குக் காரணம் எளிது. நீளமான பெயர் ஒன்று தாளில் இரண்டு வரியாக மடங்கியிருந்தது, லென்ஸ் அதை இரண்டு பொருளாக எடுத்துக்கொண்டது. கீழ்ப் பாதியை மேல் செல்லில் சேர்த்துவிட்டு, கீழ்ச் செல்லை மட்டும் அழித்துப் பெயர்களை மேலே ஏற்றினேன்.

ஆபத்தானது 44, 44. அந்த வாரம் மொச்சையும் தட்டைப்பயறும் சரக்கு இல்லை, மூட்டை விலையிலும் கிலோ விலையிலும் கோடு போட்டிருந்தார்கள். லென்ஸுக்குக் கோடு ஒரு எழுத்தே இல்லை, அதைத் தாண்டிப் போய்விட்டது. அதனால் மொச்சைக்குக் கீழே இருந்த எல்லா விலையும் ஒரு வரி மேலே ஏறி, தட்டைப்பயறுக்குக் கீழே இரண்டு வரி ஏறி, உளுந்தின் விலை கடலைப்பருப்புக்கும் கடலைப்பருப்பின் விலை பாசிப்பருப்புக்குமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு விலைப் பத்தியும் சேர்ந்தே ஏறியதால் மூட்டை விலையும் கிலோ விலையும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருந்தன, பருப்பு வகை எல்லாம் 30 கிலோ மூட்டை என்பதால் எடையும் பொருந்தியது, அடுத்துச் சொல்லப்போகும் கணக்கு இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது. எண்ணிக்கை மட்டும்தான் காட்டும். பேனாவால் 0 எழுதச் சொன்னது இதற்காகத்தான். எழுத மறந்திருந்தால், விலை இல்லாத பொருளின் வரியில் மூன்றாவது, நான்காவது பத்தியில் மட்டும் ஒரு செல் கீழே தள்ளி அதில் 0 போடுங்கள். எண்ணிக்கை நான்கும் ஒன்றான பிறகு கடைசி வரியைத் தாளின் கடைசி வரியோடு ஒப்பிடுங்கள், பொருந்தினால் இந்தக் கட்டம் முடிந்தது.

எண்ணை எண்ணாக்குவது

இப்போது எல்லாம் எழுத்தாகத்தான் இருக்கிறது, கூட்டவோ வகுக்கவோ முடியாது. புது தாவல் ஒன்று சேர்த்து `விலை` என்று பெயர் வையுங்கள். A2-வில் பெயர்:

```
=TRIM('படி'!A2)
```

B2-வில் இது, பிறகு D2 வரை வலப்பக்கம் இழுத்து, நான்கு பத்தியையும் 47-ஆம் வரி வரை கீழே இழுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(REGEXEXTRACT('படி'!B2,"[0-9][0-9,.]*"),",",""))
```

செல்லில் முதலில் வரும் எண்ணைப் பிடித்து, அதிலிருந்து கமாவை எடுத்துவிட்டு, கணக்குப் போடும் எண்ணாக மாற்றுகிறது, அவ்வளவுதான். `Rs.1,450/-` என்று இருந்தாலும் 1450 தான் கிடைக்கும். எண் அல்லாத எல்லாவற்றையும் நீக்கும் சூத்திரம் ஒன்றை நான் முன்பு வைத்திருந்தேன், அது Rs-க்குப் பின்னால் உள்ள புள்ளியை விட்டுவைத்து .1450 என்று கொடுத்தது, அதாவது 14 பைசா. அதனால்தான் எண்ணில் தொடங்கும்படி மேலே எழுதியிருக்கிறேன். ஏதாவது செல்லில் `#N/A` வந்தால் அங்கே எண்ணே இல்லை என்று அர்த்தம், தாளைப் பார்த்து அந்த எண்ணை `விலை` தாவலில் நேராக அடியுங்கள். எடைப் பத்தியில் 500 கிராம், 1/2 என்றெல்லாம் இருந்தால் அதையும் கையால் 0.5 ஆக்க வேண்டும்.

தாளே தன்னைச் சரிபார்க்கும்

நம் தாளில் மூட்டை எடை, மூட்டை விலை, கிலோ விலை மூன்றும் இருக்கின்றன. இரண்டு தெரிந்தால் மூன்றாவது கணக்கில் வந்துவிடும், அதனால் அச்சில் இருக்கும் மூன்றாவது எண் நமக்கு இலவசமாகக் கிடைத்த சாட்சி. மொத்த வியாபாரிகள் பலரும் தாளை இப்படித்தான் போடுகிறார்கள், மூட்டையும் கிலோவுமாகவோ, பெட்டியும் ஒன்றின் விலையுமாகவோ. மூட்டை விலையை எடையால் வகுத்து, அச்சில் உள்ள கிலோ விலையோடு ஒப்பிட்டால் போன் தவறாகப் படித்த வரி தனியாகத் தெரியும்.

எங்கள் வியாபாரி கிலோ விலையை அருகிலுள்ள 50 பைசாவுக்கு முழுமையாக்கி அச்சிடுகிறார், அப்படிச் செய்தால் அதிகபட்சம் 25 பைசா வித்தியாசம் இயல்பாகவே வரும். அதைவிடக் கூடினால்தான் பிழை. E2-வில்:

```
=IF(ABS(C2/B2-D2)>0.26,"பார்","")
```

கீழே வரை இழுத்ததும் 46 வரியில் ஐந்தில் "பார்" வந்தது. ஐந்தையும் சொல்கிறேன், உங்களுக்கும் இந்த வகைகள்தான் வரும்.

வற்றல் மிளகாய்: 25, 4150, 190. வகுத்தால் 166. 190-ஐ 25-ஆல் பெருக்கினால் 4750, அதற்கும் 4150-க்கும் ஒரே ஒரு எண்தான் வேறு, எனவே மூட்டை விலையில்தான் கோளாறு என்று தாளைப் பார்க்கும் முன்பே தெரிகிறது. சர்க்கரை: 50, 2.15, 43. தாளில் 2,150, கமாவைப் புள்ளியாகப் படித்ததால் இரண்டேகால் ரூபாய்கூட இல்லாத மூட்டை கிடைத்தது. துவரம் பருப்பு: 30, 4050, 185. இங்கே மூட்டை சரி, கிலோ விலை 135-இல் 3 எட்டாகிவிட்டது. ரவை: 2, 1150, 46. எடை 25-ஐ `2S` என்று படித்திருந்தது, சூத்திரம் S-ஐத் தொடாமல் 2-ஐ மட்டும் எடுத்தது.

ஐந்தாவது கொள்ளு: 30, 1860, 64. வகுத்தால் 62. தாளை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் 1,860, 64 என்றே அச்சாகியிருக்கிறது. போன் சரியாகத்தான் படித்திருக்கிறது, தட்டச்சு செய்தவர் தவறியிருக்கிறார். வியாபாரிக்கு போன் போட்டேன். "அறுபத்திரண்டுதான் தம்பி, பில்லில் சரியா இருக்கும்" என்றார். அதனால் "பார்" வந்த எந்த வரியையும் கணக்கை மட்டும் நம்பித் திருத்தாதீர்கள், தாளைக் கையில் எடுங்கள், தாளே தவறாக இருந்தால் ஆளைக் கேளுங்கள்.

இந்தச் சரிபார்ப்பில் தப்பிக்கும் பிழையும் உண்டு. 30 கிலோ மூட்டையில் ஐந்து ரூபாய் மாறினால் கிலோவுக்கு 17 பைசாதான், 26-க்குள் அடங்கிவிடும். எங்கள் தாளில் மூட்டை விலை எல்லாமே 0 அல்லது 5-இல் முடியும், அதனால் மூட்டைப் பத்தியின் கடைசி எண்ணை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன், 6-ஓ 8-ஓ தெரிந்தால் அது தவறு. ஒரே ஒரு விலைப் பத்தி மட்டும் உள்ள தாளாக இருந்தால் இந்தச் சாட்சியே இல்லை. அப்போது ஒருவர் தாளை வாசிக்க ஒருவர் ஷீட்டைப் பார்த்து "சரி" சொல்லும் பழைய முறைதான், அத்தையும் நானும் அப்படி 46 வரியை ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவோம்.

பெயர்களில் புள்ளி போவதும் கொம்பு மாறுவதும் இருக்கும், பருப்பு "பருபபு" ஆகும். அவற்றை `விலை` தாவலில் கையால் ஒருமுறை சரியாக அடித்துவிடுங்கள், அடுத்த தாளுக்கும் அதே பெயர்கள் உதவும்.

கடை விலை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற ஒரு மூட்டைக்கு 40 ரூபாய் வண்டிக்குக் கொடுக்கிறோம், லாபம் நூற்றுக்கு எட்டு வைத்திருக்கிறோம். உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். F2-வில்:

```
=IF(C2=0,"இல்லை",CEILING((C2+40)/B2*1.08,1))
```

சர்க்கரைக்கு இது 2190-ஐ 50-ஆல் வகுத்து 43.80, எட்டு சதவீதம் சேர்த்து 47.30, மேலே ஏற்றி 48 என்று கொடுக்கும். வற்றல் மிளகாய்க்கு 207 வரும், நாங்கள் 182-க்கு விற்றதற்கு. கிலோ விலைப் பத்தியைக் கடை விலைக்கு நான் பயன்படுத்துவதே இல்லை, அது சாட்சிக்கு மட்டும், ஏனென்றால் முழுமையாக்கிய பைசா அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

எழுத்து வரிசையில் அடுக்க வேண்டும் என்று இந்தத் தாவலிலேயே அடுக்காதீர்கள். செல்கள் எல்லாம் `படி` தாவலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சூத்திரங்கள், வரி இடம் மாறினால் வேறு வரியைப் பார்க்கத் தொடங்கும், கையால் அடித்த பெயர்கள் ஒரு பக்கமும் விலைகள் ஒரு பக்கமுமாகப் போய்விடும். முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, மூன்றாவது தாவலில் `Paste special > Values only` கொடுத்து ஒட்டுங்கள். அந்தத் தாவலில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம், அச்சும் எடுக்கலாம். தாவலுக்குத் தாளின் தேதியையே பெயராக வைக்கிறேன்.

அடுத்த தாள் வந்ததும் பெயர்ப் பத்தியைத் தொட வேண்டியதில்லை. முதலில் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, நடுவில் புதுப்பொருள் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நுழைந்திருந்தால் `படி`, `விலை` இரண்டு தாவலிலும் அதே இடத்தில் ஒரு வரி சேர்த்து, மேல் வரியின் சூத்திரத்தை அதில் இழுத்துவிட்டுப் பெயரை அடியுங்கள். அதன் பிறகு எடை, மூட்டை விலை, கிலோ விலை என்று மூன்று படம் மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். போன தடவை `விலை` தாவலில் கையால் அடித்த எண்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்கும், மேல் வரியிலிருந்து சூத்திரத்தை அவற்றின் மேல் மறுபடி இழுத்துவிட மறக்காதீர்கள். எனக்குப் போன மாதம் ரவை எடையில் இப்படி ஒரு பழைய 25 தங்கியிருந்தது, புதுத் தாளில் ரவை 50 கிலோ மூட்டையாக மாறியிருந்ததால் "பார்" வந்து மாட்டிக்கொண்டது.